பூட்டு இல்லாமல் ஒரு சேமிப்பு விளம்பரம் எடுத்த கதை

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் எழுத்தாளராக வேலை பார்க்கிறேன். தினம் ஐம்பது, நூறு என்று சிறு தொகையாகச் சேமிக்க உதவும் செயலி ஒன்றுக்கு முப்பது விநாடிப் படமும் சில சுவரொட்டிகளும் செய்யும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. வாடிக்கையாளர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பணம் பத்திரமாக இருக்கும் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்." சந்தை வியாபாரிகள், தையல்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் ஆகியோருக்காக எடுக்கிற படம் அது.

முதல் வேலையாக, இந்தத் துறையில் அதுவரை வந்த விளம்பரங்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினோம். எல்லாம் ஒரே படம் மாதிரி இருந்தன: நீலப் பின்னணி, பூட்டு, கேடயம், தங்க நாணயக் குவியல், பன்றி உண்டியல். பெயர்களை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை.

பூட்டுச் சின்னம் பற்றி எனக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. கூகுள் தன் குரோம் உலாவியின் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுச் சின்னத்தை 2023இல் எடுத்துவிட்டது. இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பது மட்டுமே அந்தச் சின்னத்தின் பொருள். பலரோ அதைப் பார்த்து அந்தத் தளமே நம்பகமானது என்று நினைத்துவிட்டார்கள். கூகுள் 2021இல் நடத்திய ஆய்வில் அதன் சரியான பொருளைப் புரிந்துகொண்டவர்கள் 11 சதவீதம்தான். மோசடித் தளங்களிலும் அதே பூட்டு இருந்தது. பல வருடமாகத் திரையில் இருந்த சின்னத்தின் கதியே இது என்றால், விளம்பரத்தில் வரைந்த பூட்டை வைத்து யாரை நம்பவைக்க முடியும்?

சரி, கேட்டுப் பார்ப்போம் என்று மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போனோம். விடியற்காலை வியாபாரம் முடிந்து கொஞ்சம் ஓய்ந்திருக்கும் நேரம். பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் பூட்டுப் படம் போட்ட மாதிரி ஒன்றைக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, "பூட்டு யாருக்கு தம்பி? திருடனுக்கா, எனக்கா?" என்று கேட்டார். அவர் குடும்பம் ஒரு சீட்டில் பணம் போட்டு இழந்திருக்கிறது. நடத்தியவர் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவே இல்லை. அவருக்குப் பூட்டு என்றால் தன் பணம் உள்ளே மாட்டிக்கொண்டது என்று பொருள். நாணயப் படத்தை அவர் பொருட்படுத்தவே இல்லை. "இப்ப எல்லாம் ஜிபே" என்று நகர்த்தி வைத்துவிட்டார்.

அப்புறம் கேள்வியை மாற்றினோம். எது பாதுகாப்பு என்று கேட்காமல், இதுவரை யாரிடம் பணம் கொடுத்து வைத்திருக்கிறீர்கள், ஏன் அவரிடம் கொடுத்தீர்கள் என்று பலரிடமும் கேட்டோம். வந்த பதில்களில் மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. கொடுத்த தொகையை உடனே என் கண் முன்னால் நோட்டில் எழுதுவார். ஆள் எங்கே இருப்பார் என்று தெரியும். போன தடவை கேட்டபோது திருப்பிக் கொடுத்தார். மூன்றாவதைச் சொல்லும்போதுதான் எல்லாருடைய குரலும் உறுதியாக இருந்தது.

இது புதிய விஷயமும் இல்லை. சிண்டிகேட் வங்கி 1928இல் தொடங்கிய பிக்மி வைப்புத் திட்டம் இப்படித்தான் நடந்தது. முகவர் வீடு வீடாக, கடை கடையாக வந்து சிறு தொகையை வாங்கி வரவு வைப்பார். வங்கிக் கட்டடத்தைப் பார்க்காதவர்களும் தினமும் வந்துபோகிற அந்த முகத்தைப் பார்த்துப் பணம் போட்டார்கள்.

ஆகவே படத்தின் கதையை ஒரு பூ வியாபாரியின் சில மாதங்களாக எழுதினோம். தை மாதம் தினம் நூறு ரூபாய் போடத் தொடங்குகிறார். மே கடைசியில் கணக்கில் 11,350 ரூபாய் இருக்கிறது. ஜூனில் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் 11,000 ரூபாய். பணத்தை எடுக்கிறார், கட்டுகிறார். அவ்வளவுதான் கதை. பணம் உள்ளே போவதைக் காட்ட ஐந்தே விநாடி வைத்தோம். வெளியே வருவதற்குப் பன்னிரண்டு விநாடி. சேமிப்பு விளம்பரத்தில் பணம் எடுப்பதைக் காட்டுவதா என்று வாடிக்கையாளர் தரப்பில் தயங்கினார்கள். சந்தையில் பதிவு செய்த பேச்சுகளைக் கேட்கவைத்த பிறகு ஒப்புக்கொண்டார்கள்.

படப்பிடிப்புக்கு முன்பே வரைபடங்களை வரிசையாக அசையவிட்டு, ஒலி இல்லாமல் சிலருக்குக் காட்டினோம். கேட்டது ஒரே கேள்வி: இது எதற்கான விளம்பரம்? பாதிப் பேருக்கு மேல் "கடன் ஆப்" என்றார்கள். யோசித்தால் அது நியாயம்தான். உழைக்கிற பெண், கையில் போன், திடீரென்று பணம், சிரிப்பு. கடன் செயலி விளம்பரங்கள் இதே சாமான்ய முகங்களைத்தான் பயன்படுத்துகின்றன. பூட்டை எடுத்துவிட்டு மக்களை வைத்தால் தானாக நம்பிக்கை வந்துவிடாது என்பது அன்று தெளிவாகத் தெரிந்தது. பணம் அந்தப் பெண்ணுடையதே என்பது படத்தில் தெரிய வேண்டும்.

அதற்காகச் செயலியின் வரவுப் பட்டியலைக் கதையின் நடுவுக்குக் கொண்டுவந்தோம். தேதி, தொகை, தேதி, தொகை என்று திரையில் மெதுவாக ஓடுகிற பட்டியல். முதலில் வடிவமைப்பாளர் எல்லா வரியிலும் 100 என்று போட்டிருந்தார். யாருடைய நோட்டும் அப்படி இருக்காது. மழை நாளில் 50, முகூர்த்த நாளில் 200, சில நாள் ஒன்றுமே இல்லை என்று மாற்றினோம். இரண்டாவது முறை காட்டியபோது, விடுபட்ட நாட்களைப் பார்த்து ஒருவர், "அன்னிக்கு வியாபாரம் இல்ல போல" என்றார். கடன் என்று சொன்னவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள்.

அடுத்த மாற்றம் வாடிக்கையாளரின் சட்ட இணக்கப் பிரிவிலிருந்து வந்தது. எங்கள் கதையில் அந்தப் பெண் பள்ளி வாசலில் நின்று பொத்தானை அழுத்துகிறார், பணம் உடனே வருகிறது. உண்மையில் அந்தச் செயலியில் எடுக்கச் சொன்ன பணம் வங்கிக் கணக்குக்கு வர அடுத்த வேலை நாள் ஆகும். படத்தைப் பார்த்துச் சேர்ந்த ஒருவர் அவசரத்துக்கு எடுக்கப்போய்ப் பணம் வரவில்லை என்றால், சீட்டுக்காரர் நினைவுதான் வரும். அந்த அதிகாரி சொன்னது முழுக்கச் சரி என்றே நினைக்கிறேன். காட்சியை மாற்றினோம்: முந்தைய நாள் பூ கட்டிக்கொண்டே எடுக்கச் சொல்கிறார், மறுநாள் குறுஞ்செய்தி வருகிறது, பிறகு பள்ளிக்குப் போகிறார். இரண்டு விநாடி கூடியது. கதை இன்னும் நம்பும்படி ஆனது.

இன்னொரு காட்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது: அம்மாவின் கையில் பூச்சரம் இருப்பதால் மகள் போனை வாங்கி ரகசிய எண்ணைப் போட்டுக் கொடுக்கிறாள். பார்க்க அழகான காட்சி. ஆனால் ரகசிய எண்ணை வீட்டாரிடம்கூடச் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் சொல்லிவருகின்றன. பாதுகாப்பு பற்றிய படத்திலேயே அதை மீற முடியாது. இப்போது அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தானே எண்ணைப் போடுகிறார், மகள் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஒரு வார்த்தைகூட இல்லாமல் பாதுகாப்பைச் சொல்கிற இடம் படத்தில் அதுதான்.

நடிகர்கள் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். நடிகர்களை வைப்பதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்களின்படி, ஒருவர் ஒரு பொருளைப் பரிந்துரைத்தால் அது அவருடைய உண்மையான கருத்தாகவும் போதிய அனுபவத்தில் பிறந்ததாகவும் இருக்க வேண்டும். செயலியைத் தொடாத ஒருவரை நிறுத்தி "நான் இதில்தான் சேமிக்கிறேன்" என்று சொல்லவைக்க முடியாது. அதனால் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரு பூ வியாபாரியையே தேடிப் பிடித்தோம். கேமராவைப் பார்த்து யாரும் பேசுவதில்லை. பின்னணிக் குரல் மட்டும்தான். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, முகம் எங்கெல்லாம், எவ்வளவு காலம் வரும் என்பதை வாசித்துக் காட்டியே கையெழுத்து வாங்கினோம். எங்கும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

சந்தையில் எடுக்கும்போது போன் திரைதான் படுத்தியது. மஞ்சள் விளக்குகள் அதில் பிரதிபலித்தன, திரையும் கேமராவில் மினுங்கியது. திரையில் வெறும் பச்சை நிறத்தையும் மூலைகளில் சிறு குறிகளையும் வைத்து எடுத்து, உண்மையான செயலித் திரையைப் படத்தொகுப்பில் பொருத்தினோம். விரல் எந்த இடத்தைத் தொடுகிறது என்பது மட்டும் பிசகக் கூடாது என்பதால், பொத்தான் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தோம்.

வார்த்தைகளில்தான் அதிக நேரம் போனது. "100% பாதுகாப்பு", "உத்தரவாதம்" இரண்டையும் எடுத்தோம். செயலி நடத்துவது வங்கி இல்லை என்பதால், அது ஒரு வங்கி என்று தோன்றும்படி எதுவும் சொல்லக் கூடாது. பணம் கூட்டாளி வங்கியில் அவரவர் பெயரில் உள்ள கணக்கில் இருக்கிறது. வங்கி வைப்புக்கான காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை. அந்தக் காப்பீடு வங்கிக் கணக்குக்கு உரியது, செயலிக்கு உரியதில்லை. "காப்பீடு உண்டு" என்று மொட்டையாகப் போட்டால் தவறாகப் புரியும். கடைசியில் நின்ற வரி: "உங்கள் பணம் உங்கள் பெயரில், வங்கிக் கணக்கில்." அதன் கீழே வங்கியின் பெயரும், காப்பீட்டு வரம்பும், பணம் வர அடுத்த வேலை நாள் ஆகும் என்பதும், எல்லாம் தமிழிலேயே. பொறுப்புத் துறப்பு விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்று அதே 2022 வழிகாட்டுதல் சொல்கிறது.

ஆள் எங்கே இருப்பார் என்ற கேள்விக்கு மட்டும் படத்தில் பதில் வைக்க முடியவில்லை, ஏனென்றால் செயலியிலேயே பதில் இல்லை. உதவிப் பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் இருந்தது. சந்தைப் பதிவுகளை அவர்களுடைய தயாரிப்புக் குழுவுக்கும் போட்டுக் காட்டினோம். படம் வெளிவரும் முன்பே தமிழில் பேசுகிற ஆட்களோடு ஒரு தொலைபேசி எண் கொண்டுவந்தார்கள். சுவரொட்டிகளில் படத்தில் வரும் பூக்கார அக்கா முகத்துக்குப் பக்கத்தில், பூட்டுக்கு ஒதுக்கியிருந்த இடத்தில், அந்த எண்ணைப் பெரிதாகப் போட்டோம்.