தீர்மானம் எண் 11

செப்டம்பர் 12

ஆய்வேட்டுக்காகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்த நகல் இன்று தபாலில் வந்தது. எங்கள் ஊராட்சியில் ஆகஸ்ட் 15 அன்று நடந்த கிராம சபையின் தீர்மானங்கள். குடிநீர், தெருவிளக்கு, வரவு செலவு என்று வழக்கமானவைதான். பதினொன்றாவது மட்டும் இடித்தது: ஊராட்சியை நகராட்சியுடன் இணைக்கச் சபை "ஒருமனதாக" ஒப்புதல் அளித்ததாம்.

அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அன்னிக்கு நாங்க போட்ட சத்தம் மாரியம்மன் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும், ஒருமனதா?" என்றார். நகராட்சியானால் நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும். அத்தையின் அட்டையில் பதிவாகும் வேலைதான் அந்த வீட்டுக்கு மளிகைக் காசு.

செப்டம்பர் 14

சத்தம் போட்டோம் என்பதற்குச் சாட்சி கேட்டால் என்ன செய்வது? ஊரில் பாதிப் பேர் வந்து சொல்வார்கள், செயலர் புத்தகத்தை நீட்டுவார். அப்போதுதான் மைக்செட் அண்ணன் ஞாபகம் வந்தது. கூட்டம் தொடங்கும் முன் பாட்டுப் போட மிக்சரில் பென் டிரைவ் செருகுவார். அந்த மிக்சரில் ரெக்கார்டு பட்டனும் உண்டு. "கை பட்டிருந்தா பதிவாகியிருக்கும் பாப்பா, நான் அழிக்கிறதே இல்ல" என்று பென் டிரைவைக் கொடுத்தார். பாடல்களுக்கு அடியில் REC0003.WAV என்று ஒன்று இருந்தது.

செப்டம்பர் 15

இரவெல்லாம் ஹெட்போனில் கேட்டேன். மிக்சர் மைக்கில் வருவதை மட்டும்தான் நேராகப் பதிவு செய்யும். கூட்டத்தின் கூச்சல் தூரத்து இரைச்சலாகவே விழுந்திருக்கிறது. யார் என்ன சொன்னார்கள் என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் தலைவரின் குரல் தெளிவு. செயலர் இணைப்புத் தீர்மானத்தைப் படிக்கிறார், இரைச்சல் எழுகிறது, தலைவர் சொல்கிறார்: "சரி சரி, உக்காருங்க. யாருக்கும் சம்மதமில்லன்னே எழுதிக்கிறோம். அடுத்தது படிங்க."

மூன்று முறை கேட்டேன். கை நடுங்கியது.

கோப்பின் தேதி 1980 என்று காட்டுகிறது. மிக்சருக்குள் கடிகாரம் இல்லாததால் இப்படி. "இது வேறு கூட்டம்" என்று யாரும் தள்ளிவிடலாம். அதனால் பதிவை நகலோடு வரிசையாக ஒப்பிட்டேன். சுதந்திர தின வாழ்த்து, வரவு செலவுத் தொகை, தெருவிளக்குகளின் எண்ணிக்கை எல்லாம் அச்சாகப் பொருந்துகின்றன. மாறுவது பதினொன்று மட்டும்தான்.

செப்டம்பர் 17

சட்டக் கல்லூரியில் படிக்கும் தோழியைக் கேட்டேன். முதலில் சொன்னது: பென் டிரைவை அண்ணனிடமே திருப்பிக் கொடு, அதில் இனி எதையும் ஏற்ற வேண்டாம், நீ நகலில் வேலை செய். கொடுக்கும் முன் இதை ஓட்டச் சொன்னாள்:

```
certutil -hashfile REC0003.WAV SHA256
```

நீளமான எண் ஒன்று வரும். கோப்பில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த எண் மாறிவிடும். நீதிமன்றம் வரை போனால், பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் இந்த எண் கேட்கப்படும். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னாள். ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கொடுக்கவில்லை.

செப்டம்பர் 21

இது எப்படி நடந்தது என்பது இன்றுதான் புரிந்தது. எங்கள் மக்கள் தொகைக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது வந்திருக்க வேண்டியவர்கள், 200 பேர். அதை எட்டுவதற்காக, வருகிறவர்களிடம் வாசலிலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். தீர்மானங்கள் பிறகு, ஆளில்லாத அலுவலகத்தில் எழுதப்படுகின்றன. அத்தையின் கையெழுத்தும் அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அவர் எதிர்த்த தீர்மானத்துக்கு அவர் பெயரே ஆதாரமாக நிற்கிறது. இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி கிராம சபை. நான் பேசவில்லை, அத்தை பேசினார். "போன கூட்டத்துல பதினொன்னாவது என்ன எழுதினீங்க? சத்தமா படிங்க." செயலர் தலைவரைப் பார்த்தார். கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து வந்திருந்த அதிகாரியான பற்றாளர் தீர்மானப் புத்தகத்தை வாங்கித் தானே படித்தார். கூட்டம் கொதித்தது. தலைவர் "எழுத்துப் பிழை" என்றார். "அப்ப நீங்க மைக்குல சொன்னதைப் போடட்டுமா?" என்று அத்தை கேட்டதும் மைக்செட் அண்ணன் எழுந்து நின்றார். போட வேண்டிய தேவை வரவில்லை.

பழைய தீர்மானத்தை அடிக்க முடியாது என்றார் பற்றாளர். இணைப்பை எதிர்த்துப் புதுத் தீர்மானம் எழுதப்பட்டது. முழுக்கப் படித்துக் காட்டிய பிறகே, அந்த வரிக்குக் கீழே இடம் விடாமல் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அக்டோபர் 4

ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியருக்கு மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. இரண்டு தீர்மானங்களின் நகல், பதிவின் எழுத்து வடிவம், அந்த எண். ஒப்புகை அட்டை அத்தை பெயருக்கு வரும். நவம்பர் 1 கூட்டத்தில் கையெழுத்தைக் கடைசியில்தான் போடுவோம் என்று மகளிர் குழுவில் இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள்.