‘அக்கா’ என்ற ஒரு சொல்

“அப்ப முதல்ல அனுப்பினது பொய்யா சார்?”

அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான். நான் சொன்ன பதில் இரண்டு வாக்கியம். இரண்டில் எது நேர்மையானது என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மா பதிவை மாற்றித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்த பழைய கேசட்டில் எதுவும் எழுதியிருக்கவில்லை, உறையும் இல்லை. அவருடைய பெரியம்மா வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய ரசீதுகளோடு கிடந்ததாம். உள்ளே செப்புத் தகட்டில் ஒட்டியிருக்க வேண்டிய கம்பளித் துண்டு உதிர்ந்து, கேசட் ஓட்டின் ஒரு மூலையில் பொடியாகக் கிடந்தது. அந்தச் சின்னத் துண்டுதான் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது. அது இல்லாவிட்டால் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது மாதிரி வரும். நல்ல வேளையாகத் திருகாணி போட்ட ஓடு. நாடாவை வேறொரு ஓட்டுக்கு மாற்றி ஓட்டினேன். ஒரு பக்கம் காலி. மறுபக்கம் ஏழெட்டு நிமிடம் ரேடியோ, அதன் நடுவில் பாட்டோடு சேர்ந்து பாடும் வீட்டுக் குரல்கள்.

பாட்டு தெரிந்த பாட்டுதான். ‘அன்னக்கிளி’ படத்தில் ஜானகி பாடிய ‘மச்சானப் பாத்தீங்களா’. படம் வந்தது 1976. அதனால் கேசட் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த அம்மாவின் தாயார் இறந்தது 1981-இல். அப்போது இவருக்கு மூன்று வயது. தாயாரின் குரல் இவருக்கு நினைவே இல்லை. பெரியம்மாவுக்குத்தான் தெரியும், தங்கையைவிட நாலு வயது மூத்தவர்.

ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் ரேடியோவை நேராகப் பதிவு செய்தால் பெரும்பாலும் அறையின் பேச்சு விழாது. இங்கே ரேடியோவும் குரல்களும் ஒரே மைக்கில் விழுந்திருந்தன. ஆக ரேடியோ தனி, டேப் ரெக்கார்டர் தனி. பாட்டு சில விநாடிக்கு ஒருமுறை மங்கி எழுந்தது, பக்கத்தில் பாடுபவரின் குரல் அப்படி மங்கவில்லை. தூரத்து நிலையம்தான் அப்படிக் கேட்கும். “நாங்க சிலோன் ரேடியோதான் வைப்போம்” என்று பெரியம்மா சொன்னது இதோடு பொருந்தியது.

இங்கேதான் நான் தவறு செய்தேன். ஒன்றும் திருத்தாத பதிவிலிருந்து முக்கால் நிமிடத்தை வெட்டி, ‘இதில் ஆள் குரல் இருக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். கேசட் காலியாக இருக்குமோ என்று அவர் தினமும் போன் செய்துகொண்டிருந்தார். சந்தோஷப்படட்டும் என்றுதான் அனுப்பினேன். அன்று ராத்திரியே பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அவர் கேட்டுவிட்டு, “அவதான்டி, அவதான்” என்று அழுதாராம்.

அடுத்த நாள் வேகத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். எங்கள் டெக் சரியாக ஓடுகிறதா என்பதைச் சோதனைக் கேசட் போட்டுப் பார்க்கலாம். 3000 ஹெர்ட்ஸ் ஒலி பதிந்தது, எங்கள் டெக்கில் 3006 காட்டியது. அது காதுக்குத் தெரியாத வித்தியாசம். ஆனால் அந்தக் காலத்தில் பதிவு செய்த ரெக்கார்டர் எந்த வேகத்தில் ஓடியது என்பதை நம் டெக் சொல்லாது. மின்சாரத்தில் ஓடியிருந்தால் ஐம்பது ஹெர்ட்ஸ் இரைச்சல் கூடவே பதிந்திருக்கும், அது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்தே கணக்குப் போடலாம். இதில் அந்த இரைச்சல் இல்லை, பேட்டரியில் ஓடியிருக்கிறது. பேட்டரி இறங்கினால் மோட்டார் கொஞ்ச நேரம் சமாளிக்கும், அப்புறம் மெதுவாகிவிடும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாக் குரலும் மேலே ஏறி, வயது குறைந்து கேட்கும்.

மிஞ்சியது அந்தப் பாட்டு மட்டும்தான். என்னிடம் அதன் இசைத்தட்டு இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பிரதிகளை நான் இதற்கு எடுப்பதில்லை, வேகம் மாற்றியவை நிறையச் சுற்றுகின்றன. இசைத்தட்டில் 100 விநாடி ஓடும் ஒரு பகுதி கேசட்டில் 94 விநாடியில் முடிந்தது. சுருதியும் அதே அளவு, ஒரு அரைச் சுருதிக்குச் சற்று அதிகமாக ஏறியிருந்தது. காலமும் சுருதியும் இப்படிச் சேர்ந்து மாறினால் அது வேறு பதிவோ வேறு ஆள் பாடியதோ அல்ல, இயந்திரத்தின் வேகம்தான். நிலையத்தில் தட்டு கொஞ்சம் வேகமாகச் சுற்றியிருக்கலாமே என்றும் யோசித்தேன். அது ஒரு சதவீதம், மிஞ்சினால் இரண்டு. ஆறு சதவீதத்துக்கு மேல் ஓடவிட்டுக்கொண்டு எந்த நிலையமும் சும்மா இருக்காது.

ஆக ஆறு சதவீதம் குறைத்தேன். ஜானகி ஜானகியாக ஆனார். அவரோடு பாடிய பெண்ணின் குரல் கனத்தது. பதினாறு, பதினேழு என்று நினைத்த குரல் முப்பதை நெருங்கியது.

பாடும்போது எல்லாரும் ரேடியோவின் சுருதிக்குத்தான் போவார்கள், அதை வைத்து ஆளைச் சொல்வது கஷ்டம். பேச்சில்தான் ஆள் தெரியும். பாட்டு முடிந்ததும் அதே பெண் “நிறுத்து, நிறுத்து, செல்லு போயிடும்” என்று சொல்வது இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தையும் பாட்டின் கடைசி வரிகளையும் திருத்திய வேகத்தில் அனுப்பினேன்.

பெரியம்மா ரொம்ப நேரம் பேசவில்லையாம். அப்புறம், “இது நான் பேசற மாதிரில்ல இருக்கு” என்றாராம்.

அதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மா என்னிடம் அப்படிக் கேட்டார். நான் சொன்னேன்: “வேகம் ரெண்டாவதுதாம்மா சரி. ஆனா பெரியம்மா முதல்ல சொன்னதையும் தள்ளிவிட முடியாது.”

முதல் வாக்கியத்துக்கு என்னிடம் கணக்கு இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். அது உண்மை என்பதற்காகச் சொன்னேனா, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேனா?

உண்மைதான் என்று வாதாடவும் முடியும். தன் குரலை ரெக்கார்டில் கேட்டால் பலருக்கும் அது தன் குரலாகவே தோன்றாது. நாம் பேசும்போது நம் குரல் எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது, அந்தக் கனம் கேசட்டில் வராது. ஆகவே பெரியம்மா “நான் பேசற மாதிரி” என்று சொன்னது தன் குரலை அடையாளம் கண்டதுதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கனத்த குரலைக் கேட்டதும், தங்கைக்கு இவ்வளவு கனம் கிடையாது என்று நினைத்து அப்படிச் சொல்லியிருக்கலாம். இதையே திருப்பியும் போடலாம். முதல் தடவை கேட்டது அவருடைய குரலாகவே இருந்து, சுருதி ஏறி மெலிந்ததால் தங்கையாகத் தோன்றியிருக்கலாம். நாலு வயது வித்தியாசமுள்ள அக்கா தங்கை, ஒரே வீட்டுப் பேச்சு. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் திருத்தாத துண்டை முதலில் அனுப்பாமல் இருந்திருந்தால், அந்த முதல் நினைப்பே அவருக்கு வந்திருக்காது. சாட்சியை நானே கலைத்துவிட்டேன்.

இது வரைக்கும் அந்த அம்மாவிடம் ஏறக்குறையச் சொல்லிவிட்டேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது.

வேகத்தைச் சரிசெய்த பிறகு ஹெட்டின் சாய்வையும் திருகிச் சரிசெய்து மறுபடி ஓட்டினேன். சகர ஒலிகள் தெளியும் வரை திருகுவது வழக்கம். அப்போது அதுவரை கேட்காத ஒரு சொல் கேட்டது. சரணத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே, பாடும் பெண் மூச்சு விடும் இடத்தில், “அக்கா”. அவ்வளவுதான். அரை விநாடிகூட இருக்காது.

பாடும் குரல் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சொல் விழுந்திருந்தால் கூப்பிட்டது வேறு ஆள் என்று தெரிந்துவிடும். அப்படியானால் பாடியது பெரும்பாலும் பெரியம்மா. பாடியவரே மூச்சு விடும் நேரத்தில் கூப்பிட்டிருந்தால் பாடியது தங்கை, அதாவது அந்த அம்மாவின் தாயார். ஆனால் சொல் சரியாக இடைவெளியில் விழுந்திருக்கிறது.

கிட்டே இருந்து கேட்கிறதா தூரத்திலிருந்தா என்று பார்க்கலாம் என்றால், அந்தக் கால ரெக்கார்டர்கள் ஒலியின் அளவைத் தாமே ஏற்றி இறக்கும். மைக் அருகே பாடுபவர் நிறுத்தினால் அது அளவை ஏற்றத் தொடங்கும், அடுப்படியில் இருந்து கூப்பிட்டதுகூடப் பக்கத்தில் சொன்னது மாதிரி வரலாம். சத்தத்தின் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அறையின் எதிரொலியை வைத்துக் கொஞ்சம் சொல்லலாம், தூரத்துக் குரலில் எதிரொலி கூட இருக்கும், அதை ரெக்கார்டரால் மறைக்க முடியாது. ஒரு நாள் காலையில் கேட்டால் எதிரொலி இல்லை, பாடியவர்தான் கூப்பிட்டார் என்று தோன்றுகிறது. சாயங்காலம் கேட்டால் அடியில் ரேடியோ ஓடிக்கொண்டிருப்பது எதிரொலியை மூடியிருக்கிறது என்று தோன்றுகிறது. நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். எனக்கே அந்தக் குரல் தங்கையுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அதனால் இப்போது என் காதையும் நம்ப முடியவில்லை.

சொல்லியிருக்கலாம். அது அவருடைய கேசட், அவருடைய அம்மா. அரை விநாடியாக இருந்தாலும் மறைக்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் சொன்னால் அதை அவர் ஆதாரமாகத்தான் எடுத்துக்கொள்வார், நான் எவ்வளவு தயங்கிச் சொன்னாலும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கூப்பிட்டதாகவும் இருக்கலாம், அந்தத் தெருவில் எல்லாருக்கும் பெரியம்மா அக்காதானே. இப்படி நான் காரணம் அடுக்குவதைப் பார்த்தால், சொல்லாமல் விட்டது எச்சரிக்கையால் அல்ல, முதல் தடவை அவசரப்பட்ட பயத்தால்தான் என்றும் படுகிறது.

அவர் வாங்க வந்த அன்று பென் டிரைவில் இரண்டும் இருந்தன. ஒன்றுக்கு ‘வேகம் மாற்றாதது’, இன்னொன்றுக்கு ‘வேகம் சரிசெய்தது’ என்று பெயர் வைத்திருந்தேன். முழுப் பதிவு, “அக்கா”வும் உள்ளே இருக்கிறது. தேடிக் கேட்டால் கேட்கும். கேசட்டுக்கு ஒரு லேபிள் ஒட்டி, ‘1976-க்குப் பின், 1981-க்கு முன். வீட்டில் ரேடியோவோடு பாடியது. மச்சானப் பாத்தீங்களா’ என்று எழுதியிருந்தேன். கீழே ஒரு வரி காலியாக விட்டிருந்தேன்.

“1981-க்கு முன்னு எப்படி சார் சொல்றீங்க?” என்றார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. பாடியது தாயார் என்று முடிவு செய்தால்தான் அந்த வருடம் பொருந்தும். பெரியம்மா என்றால் பொருந்த வேண்டிய அவசியமே இல்லை. என் கை தானாக எழுதியிருந்தது. அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மேஜையில் இருந்த பேனாவை எடுத்து, காலியாக விட்ட வரியில் ‘அம்மா’ என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து அதன் பக்கத்திலேயே ‘பெரியம்மா’ என்றும் எழுதினார். லேபிளில் இடம் போதவில்லை, கடைசி எழுத்து பிளாஸ்டிக்கின் மேல் போய் வழுக்கியது.