‘எடுத்துட்டு வாங்க’

சிங்கப்பூரில் ஒரு மருந்தகத்தின் முன்பதிவுப் பிரிவில் வேலை செய்கிறேன். மறுநாள் இரத்தப் பரிசோதனைக்கு வரவேண்டிய தமிழ் முதியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சொல்வதும் என் பொறுப்பு. அப்படி நான் சொன்ன ஒரு வாக்கியத்தால் ஒரு பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனது. அதை இன்றும் மறக்க முடியவில்லை.

அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது, பல ஆண்டுகளாக நீரிழிவு. முதல் நாள் மாலை நான் சொன்னது இதுதான்: “பாட்டி, நாளைக்குக் காலைல ரத்தம் எடுக்கணும். ராத்திரி பத்து மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடாதீங்க, வெறும் தண்ணி மட்டும் குடிங்க. சர்க்கரை மாத்திரைய எடுத்துட்டு வாங்க.” அவர் தே-ஓ கோசோங் குடிக்கலாமா என்று கேட்டார். சர்க்கரை இல்லாத தேநீர் என்றாலும் வேண்டாம், தண்ணீர் மட்டும்தான் என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டார்.

மறுநாள் எட்டரை மணி இருக்கும். வரிசையில் உட்கார்ந்திருந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. தாதி விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை அளவு லிட்டருக்கு 3.4 மில்லிமோல். நான்குக்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் குத்திப் பார்த்தார்கள். அளவு ஏறியிருந்தது. அப்புறம் ரொட்டி கொடுத்தார்கள். குளுக்கோஸ் குடித்த பிறகு வெறும் வயிற்றுப் பரிசோதனை எடுக்க முடியாது என்பதால் அன்றைய வரவும் வீண். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “நீதானேம்மா மாத்திரை எடுத்துட்டு வரச் சொன்ன. எடுத்துட்டுத்தானே வந்தேன்,” என்றார்.

அவர் தவறாகக் கேட்கவில்லை. மாத்திரையைக் கையோடு கொண்டு வந்தால், இரத்தம் எடுத்ததும் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று நான் நினைத்துச் சொன்னேன். மாத்திரையைப் போட்டுவிட்டுக் கிளம்பி வரச் சொல்கிறேன் என்று அவர் புரிந்துகொண்டார். என் வாக்கியத்தில் இரண்டு பொருளுமே இருந்தன.

எழுத்துத் தமிழில் இவை வேறு வேறு. கூடவே கொண்டு வருவது ‘எடுத்துக்கொண்டு வாருங்கள்’. ஒன்றை முடித்த பின் வருவது ‘எடுத்துவிட்டு வாருங்கள்’. முதலாவதில் ‘கொள்’ என்ற துணைவினை இருக்கிறது, இரண்டாவதில் ‘விடு’. பேச்சில் ‘விட்டு’ தேய்ந்து ‘ட்டு’ ஆகிறது. எங்கள் வீட்டிலும் என்னோடு படித்தவர்களிடமும் ‘கொண்டு’வும் அதே ‘ட்டு’வாகத்தான் தேய்ந்திருக்கிறது. இரண்டும் ‘எடுத்துட்டு’ என்ற ஒரே ஒலியில் வந்து விழுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்து எங்களோடு வேலை செய்யும் தாதி ஒருவர் கொண்டு வருவதற்கு ‘எடுத்துக்கிட்டு’ என்பார், முடித்துவிட்டு வருவதற்கு ‘எடுத்துட்டு’ என்பார். அவர் பேச்சில் அந்த வேறுபாடு இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர் அழைத்துச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இந்த ஒரே ஒலியோடுதான் எத்தனையோ காலமாகப் பேசி வருகிறோம், குழப்பம் வருவதில்லை. ‘குடைய எடுத்துட்டு வா’ என்றால் யாருக்கும் சந்தேகம் இல்லை, ‘குளிச்சிட்டு வா’ என்றாலும் இல்லை. பொருளே வழிகாட்டிவிடும். மாத்திரையில் அது வழிகாட்டாததற்குக் காரணம் ‘எடு’ என்ற வினை. மாத்திரையைப் ‘போடுவது’ அல்லது ‘சாப்பிடுவது’தான் நம் பழைய வழக்கு. ஆங்கிலப் பழக்கத்தால் இப்போது பலரும் மாத்திரை ‘எடுப்பதாக’ச் சொல்கிறோம். கையில் எடுப்பதும் ‘எடு’, விழுங்குவதும் ‘எடு’. போதாதற்கு, இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் வழக்கம்போல் காலையில் போட்டுவிட்டு வரச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அதனால் பாட்டிக்கு நான் சொன்னது விநோதமாகத் தோன்றியிருக்காது.

இனி எழுத்துத் தமிழிலேயே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து ஒரு சீட்டு தயாரித்தேன். ‘பரிசோதனைக்கு முன் மாத்திரைகளை உட்கொள்ளாமல், அவற்றை உடன் எடுத்துக்கொண்டு வரவும்.’ இலக்கணம் சரி, இரட்டைப் பொருளும் இல்லை. வீட்டில் மகனோ மருமகளோ குளிர்பெட்டியில் ஒட்டி வைத்துப் படிக்க அது நன்றாகவே உதவியது. அதையே தொலைபேசியில் ஒரு பெரியவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘எடுத்துக்கொண்டு வரவும்’ என்று முடித்துவிட்டுக் காத்திருந்தேன். மறுமுனையில் அமைதி. கொஞ்ச நேரம் கழித்து, “ம்... வரவும்? அப்புறம்?” என்றார்.

‘செய்யவும்’, ‘வரவும்’ என்ற ஏவல் அறிவிப்புப் பலகையில் வாழ்வது, யாரும் யாரிடமும் அப்படிப் பேசுவதில்லை. பேச்சில் ‘வரவும்’ வந்தால் வாக்கியம் முடியாது. ‘பஸ் வரவும் மழை பிடிச்சுக்கிச்சு’ என்போம், ‘படிக்கவும் தெரியும், எழுதவும் தெரியும்’ என்போம். அந்த ‘உம்’மைக் கேட்ட காது அடுத்து ஒன்று வரும் என்று காத்திருக்கிறது. பெரியவரும் அப்படித்தான் காத்திருந்தார். ‘உட்கொள்ளாமல்’ என்பதைக்கூட அவர் புரிந்துகொண்டார். வாக்கியம் முடிந்துவிட்டது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

பேசுவது போலவே எழுதிக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பிப் பார்த்தேன். அது இன்னும் மோசம். பேச்சுக்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் படிக்க முடிகிறது என்றார்கள். மருந்தகத்திலிருந்து வரும் செய்தி இப்படியா இருக்கும் என்று ஒரு ஐயா வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. பள்ளியில் எழுத்துத் தமிழை மட்டுமே படித்த தலைமுறை நான். 2005இல் வந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடம் கிடைத்தது. அதற்குப் பின் படித்தவர்கள்கூட அதைப் பேசத்தான் பழகினார்களே தவிர, தாளில் படிக்க அல்ல.

இப்போது சீட்டில் இப்படி இருக்கிறது: ‘காலையில் சர்க்கரை மாத்திரை போடாதீர்கள். மாத்திரையைப் பையில் கொண்டு வாருங்கள். இரத்தம் எடுத்து, சாப்பிட்ட பிறகு போடலாம்.’ எழுத்து இலக்கணம்தான். ஆனால் ‘வரவும்’ போய் ‘வாருங்கள்’ வந்துவிட்டது, ‘உட்கொள்’ போய் ‘போடு’ வந்துவிட்டது. ‘எடு’ இரத்தத்துக்கு மட்டும்தான். தொலைபேசியில் இதைப் பார்த்தபடியே சொல்லலாம். ‘போடாதீர்கள்’ தானாகவே ‘போடாதீங்க’ ஆகும், ‘வாருங்கள்’ ‘வாங்க’ ஆகும். பேச்சுக்கு மாற்றும்போது புதிதாக எந்த இரட்டைப் பொருளும் முளைப்பதில்லை. புதிய சீட்டு எழுதும்போதெல்லாம், ஒவ்வொரு வாக்கியத்தையும் பேச்சாக மாற்றிச் சொல்லிப் பார்த்த பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

பேசி முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். எல்லாரும் புரிஞ்சுது என்றுதான் சொல்வார்கள், அந்தப் பாட்டியும் சரிம்மா என்றுதானே சொன்னார். “காலைல மாத்திரைய என்ன பண்ணுவீங்க?” என்று கேட்கிறேன்.

ஒப்புதல் படிவத்தில் மட்டும் நான் கை வைப்பதில்லை. கையெழுத்துப் போடும் தாளில் உள்ள சொற்களை அப்படியே வாசிப்பேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்த பின் நிறுத்தி, அதையே பேச்சில் சொல்வேன். அந்தப் பாட்டிக்கும் இரண்டு வாரம் கழித்து அப்படித்தான் ஒரு படிவத்தை வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையைக் காட்டினார். அன்றைக்கு உரியது உறை பிரியாமல் இருந்தது.