தேங்கும் நீர்: ஆகஸ்ட் மாத நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

அனாமலி ஸ்கேனுக்கு வந்த பெண்ணுக்கு இன்று 20 வாரம் 2 நாள். முதல் கர்ப்பம். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) குழந்தையின் தலையைக் குறுக்காகப் பார்த்ததுமே மூளைக்குள் நீர் நிறைந்த பக்க அறைகள் இரண்டும் கருப்பாக, அகலமாகத் தெரிந்தன. அறையின் பின்பகுதியில், உட்சுவரிலிருந்து உட்சுவர் வரை அளந்தால் 17 மி.மீ. அந்த இடத்தில் 10-க்குள் இருப்பதுதான் இயல்பு. 15-ஐத் தாண்டினால் கடுமையான வீக்கம். அறையை நிறைத்துக்கொண்டிருக்க வேண்டிய கோராய்டு பின்னல், அதாவது அந்த நீரைச் சுரக்கும் திசு, சுவரை விட்டு விலகி நீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

தலைச் சுற்றளவு மட்டும் அந்த வாரத்துக்குரிய அளவில் இருந்தது. “தலை அளவு சரியாத்தானே டாக்டர் இருக்கு?” என்று கணவர் இரண்டு முறை கேட்டார். ஐந்தாம் மாதத்தில் அது ஆறுதல் தரும் செய்தி அல்ல. இந்த வயதில் நீர் முதலில் மூளைத் திசுவின் இடத்தைத்தான் பிடிக்கும். மண்டை பெரிதாவது பெரும்பாலும் பிந்தைய மாதங்களில். அதனால்தான் தலையை மட்டும் அளந்து அனுப்பிவிடக் கூடாது, அறையை அளக்க வேண்டும்.

மூன்றாவது அறையும் விரிந்திருந்தது. நான்காவது அறை இயல்பு. சிறுமூளையின் குறுக்களவு 20 மி.மீ., வாரக் கணக்குக்குப் பொருத்தம். முதுகுத்தண்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன், தோல் மூடியிருந்தது. மேலே மூன்று அறைகளும் வீங்கி, கீழே உள்ளது மட்டும் சரியாக இருக்கிறது என்றால் அடைப்பு நடுவில்தான்.

ஆகஸ்ட் 7, புதன்

‘நடுவில்’ என்று நேற்று எழுதியதை விளக்க வேண்டும். அதற்குக் கருவின் நான்காம் வாரத்துக்குப் போகவேண்டும்.

அந்த வாரக் கடைசியில் நரம்புக்குழாயின் இரு முனைகளும் மூடிக்கொள்கின்றன. தலைப்பக்கம் மூன்று குமிழ்கள் உப்பி நிற்கின்றன: முன்மூளை, நடுமூளை, பின்மூளை. ஐந்தாம் வாரத்தில் முன்மூளை இரண்டாகவும் பின்மூளை இரண்டாகவும் பிரிய, குமிழ்கள் ஐந்தாகின்றன. நடுமூளை மட்டும் பிரிவதில்லை.

முன்மூளையின் முன்பாகத்திலிருந்து இடமும் வலமுமாகப் புடைத்துக் கிளம்பும் இரண்டு பைகள்தான் பின்னாளில் பெருமூளை அரைக்கோளங்கள். அவை வளரும் வேகத்துக்கு முன்னால் இடம் போதாது. மேலே ஏறி, பின்னால் சென்று, கீழிறங்கி, மறுபடி முன்னோக்கி வருகின்றன. பக்கவாட்டில் இன்சுலா என்ற பகுதி மட்டும் அவ்வளவாக நகராமல் நிற்க, மற்றதெல்லாம் அதைச் சுற்றி வளைகிறது. உள்ளே இருக்கும் குழியும் கூடவே வளைவதால்தான் பக்க அறை ஆட்டுக்கடாவின் கொம்பு போல இருக்கிறது. முன்மூளையின் எஞ்சிய பாகத்துக் குழி மூன்றாவது அறை. பின்மூளையின் குழி நான்காவது அறை.

இவற்றுக்கு நடுவே நடுமூளை. தொடக்கத்தில் அதன் குழியும் அகலமானதுதான். சுவர்கள் தடித்துக்கொண்டே வர, குழி ஒடுங்கிக்கொண்டே போகிறது. வளர்ந்த மனிதரில் ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. நீளமும் ஒன்றிரண்டு மி.மீ. அகலமும் கொண்ட கால்வாய்தான் மிச்சம். சில்வியஸ் கால்வாய் என்பது இதுதான். மேலே மூன்று அறைகளிலும் சுரக்கும் நீர் முழுவதற்கும் கீழே இறங்க இந்த ஒரு வழிதான். பெரியவர்களில் மூளைத் தண்டுவட நீர் ஒரு நாளைக்கு அரை லிட்டர் சுரக்கிறது. எந்த நேரத்திலும் உள்ளே இருப்பதோ 150 மி.லி. அளவுதான். வடிந்துகொண்டே இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அடைபட்டாலும் கோராய்டு பின்னல் சுரப்பதை நிறுத்துவதில்லை.

ஆகஸ்ட் 10, சனி

முதுநிலை மாணவர்களுக்கு வகுப்பு. “நீர் தேங்கினால் வீங்கும், புரிகிறது. முதுகுத்தண்டு திறந்திருக்கும் குழந்தைக்கு நீர் வெளியே கசிகிறதே, அதற்கும் ஏன் தலையில் நீர் கோர்க்கிறது?” என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வகுப்பு முழுக்க அதிலேயே போனது.

கோராய்டு பின்னல் உருவாவதற்கு முன்பே குமிழ்களுக்குள் நீர் இருக்கிறது. அதன் அழுத்தமே குமிழ்களை விரிக்கிறது. 1977-இல் டெஸ்மண்ட், ஜேக்கப்சன் இருவரும் கோழிக்கருவின் மூளைக்குமிழுக்குள் நுண்குழாய் செருகி அந்த அழுத்தத்தை வெளியேற்றிப் பார்த்தார்கள். குமிழ் சுருங்கியதோடு, மூளைத் திசுவின் வளர்ச்சியே குறைந்துபோனது. கருவில் தண்டுவடத்தின் குழி சிறிது காலம் தானாகவே ஒட்டி மூடிக்கொள்வதும் உண்டு. நீர் கீழே ஓடிவிடாமல் மேலே குமிழ்களை விரிக்கும் காலம் அது.

முதுகு திறந்தே இருந்தால் இந்த அழுத்தம் நிற்காது. பின்மூளைக் குமிழ் சரியாக விரிவதில்லை. குமிழ் விரியாததால் அதைச் சுற்றி எழும் மண்டை எலும்பின் குழியும் சிறுத்துப்போகிறது. பின்னர் சிறுமூளை வளரும்போது இடமில்லாமல் கழுத்துப்பக்கம் பிதுங்கி, நீர் வெளியேறும் வழிகளை அடைத்துவிடுகிறது. 1989-இல் மெக்லோனும் நெப்பரும் முன்வைத்த இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையது. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வு இதற்கு வலு சேர்க்கிறது: 26 வாரத்துக்குள் கருப்பையிலேயே முதுகை மூடியவர்களில் ஒரு வயதுக்குள் ஷண்ட், அதாவது நீரை வடிக்கும் குழாய், தேவைப்பட்டவர்கள் 40 சதவீதம், பிறந்தபின் மூடியவர்களில் 82.

நம் பெண்ணின் குழந்தைக்கு இது பொருந்தாது. சிறுமூளை வாழைப்பழம் போல வளையவில்லை, அதன் பின்னுள்ள நீர்க்குளமும் அப்படியே இருக்கிறது. அதைக் கொண்டுதான் பிரித்தறிகிறோம்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்று கூட வந்தது பெண்ணின் அம்மா. மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். “இவளுக்கு முன்னால எனக்கு ஒரு பையன் பொறந்தான் டாக்டர். தலை பெருசா இருந்துச்சு. கட்டைவிரல் ரெண்டும் உள்ளங்கைக்குள்ளயே மடங்கியே இருக்கும். மூணு மாசம்தான் இருந்தான்.” இதுவரை யாரும் இதை அவரிடம் கேட்டதில்லை.

திரும்ப ஸ்கேன் செய்தேன். குழந்தையின் கை விரிந்த நேரத்திலும் கட்டைவிரல்கள் மடங்கியே இருந்தன. எக்ஸ் குரோமோசோமில் உள்ள L1CAM மரபணுவின் பிழையாக இருக்கக்கூடும் என்று சொல்லி, பனிக்குட நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கூடவே டாக்சோபிளாஸ்மா, சைட்டோமெகலோ வைரஸ் சோதனைகளும். கருவில் தொற்று வந்தாலும், அறைக்குள் இரத்தம் கசிந்தாலும், அந்த அழற்சியில் இதே கால்வாய் ஒட்டிப்போகலாம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

முடிவு வந்தது. தொற்று இல்லை. L1CAM-இல் பிழை உறுதி. பக்க அறை இப்போது 21 மி.மீ.

“பொறந்ததும் ஆபரேஷன் செஞ்சு தண்ணிய எடுத்துட்டா சரியாகிடுமா?” என்று கணவர் கேட்டார். இந்தக் கேள்விக்கு அவசரமில்லாமல் பதில் சொல்லவேண்டும். அறையிலிருந்து வயிற்றுக்குள் குழாய் வைத்து நீரை வடிக்கலாம், தலை வளர்வதைத் தடுக்கலாம். ஆனால் இந்த மரபணு உருவாக்கும் L1 புரதத்தின் வேலை நரம்பு இழைகள் சரியான வழியில் போக உதவுவது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்கப் பாதையே இந்தக் குழந்தைகளில் சரியாக உருவாவதில்லை. கட்டைவிரல் மடங்குவதும் கால் விறைப்பதும் நீரின் அழுத்தத்தால் மட்டும் வருவன அல்ல. ஷண்ட் அந்தப் பாதையைக் கொண்டுவராது. கருப்பையிலேயே ஷண்ட் வைக்கும் முயற்சி 1980-களில் நடந்தது. பலன் மோசமாக இருந்ததால் கைவிட்டார்கள்.

23 வாரம் 2 நாள். கருக்கலைப்புக்குச் சட்டப்படி 24 வாரம் வரை என்ன வழி, அதற்கு மேல் மருத்துவக் குழு எப்படி முடிவெடுக்கும் என்பதையும், கர்ப்பத்தைத் தொடர்ந்தால் பிரசவத்தையும் பிறந்தபின் பராமரிப்பையும் எங்கே வைத்துக்கொள்ளலாம் என்பதையும் ஒரே அளவு நேரம் எடுத்துச் சொன்னேன். அவர்கள் எடுத்த முடிவை இங்கே எழுதப்போவதில்லை.

அடுத்த கர்ப்பத்தில் 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவிலேயே இந்தப் பிழையைத் தேடிப்பார்க்க முடியும். இந்தப் பெண்ணுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண் குழந்தைக்கு அதே அளவில், பிழையைச் சுமந்து அடுத்த தலைமுறைக்குக் கடத்தக்கூடிய தாங்கியாக இருக்கும் வாய்ப்பு. பெண்ணுக்கு ஒரு தங்கை இருக்கிறார், தை மாதம் கல்யாணம். அவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்வது பற்றி அம்மாவிடம் பேசினேன். வெள்ளிக்கிழமை கூட்டி வருகிறேன் என்றார்.