பொருளியல் அறிமுகம், 15 வாரம்: ஒரு சிலபஸ் நாட்குறிப்பு

ஜூன் 10

முதலாண்டு மாணவர்களுக்கான தாள். 15 வாரம், வாரத்துக்கு 3 மணி நேரம். பாதி நுண்ணியல், பாதி பேரியல் என்று பிரித்தால் கேட்க நன்றாக இருக்கும், நடத்தும்போது உதைக்கும். தேவையும் அளிப்பும் கைக்கு வராதவருக்குப் பணவீக்கமும் வட்டி விகிதமும் வெறும் மனப்பாடம். அதனால் முதல் 9 வாரம் நுண்ணியல், 10 முதல் 14 வரை பேரியல், 15இல் மீள்பார்வை.

வரிசை: 1 பற்றாக்குறை, வாய்ப்புச் செலவு. 2 ஒப்பீட்டு நன்மை. 3 தேவை, அளிப்பு. 4 நெகிழ்ச்சி. 5 விலை உச்சவரம்பு, வரி. 6 உற்பத்தி, செலவு. 7 மிட்டெர்ம். 8 போட்டி, முற்றுரிமை. 9 புறவிளைவுகள். 10 தேசிய வருமானம். 11 விலைக் குறியீடு, வேலையின்மை. 12 பணமும் வங்கியும். 13 மொத்தத் தேவை, மொத்த அளிப்பு. 14 நிதிக் கொள்கை, பணக் கொள்கை.

ஏழாவது வாரத்தில் புதுப் பாடம் வைக்கக் கூடாது. தேர்வு வாரத்தில் நடத்தியதை மறுபடி எட்டாவது வாரத்தில் நடத்த வேண்டியிருக்கும்.

ஜூன் 12

இந்த சிலபஸின் உயிர் 3, 4, 5 வாரங்களில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு புது உதாரணம் கொடுப்பது வழக்கம். அதைவிட ஒரே சந்தையை மூன்று வாரமும் ஓட்டுவது மேல். எண்கள் பழகிவிடும், கவனம் தர்க்கத்தில் நிற்கும். இந்தச் சந்தை போதும்:

```
Qd = 120 − 2P
Qs = 3P − 30
```

மூன்றாம் வாரம் சமநிலை: விலை 30, அளவு 60. நான்காம் வாரம் அதே புள்ளியில் நெகிழ்ச்சி: தேவைக்கு 2 × 30 ÷ 60, அதாவது 1 (குறியை விட்டுவிட்டால்). அளிப்புக்கு 3 × 30 ÷ 60, அதாவது 1.5. ஐந்தாம் வாரம் விற்பவர் மீது அலகுக்கு 10 வரி. இப்போது விற்பவர் கைக்கு வருவது P − 10 என்பதால் அளிப்பு 3P − 60 ஆகிறது. புதுச் சமநிலை விலை 36, அளவு 48. வாங்குபவர் 6 கூடுதலாகக் கொடுக்கிறார், விற்பவருக்கு 26தான் மிஞ்சுகிறது. அவர் பங்கு 4. இந்த 6:4 எங்கிருந்து வந்தது? போன வாரம் போட்ட 1.5:1தான். நெகிழ்ச்சி குறைந்த பக்கம் அதிகம் சுமக்கிறது. நான்காம் வாரத்தில் எதற்காக அந்தக் கணக்கைப் போட்டோம் என்பது இங்கே தெரிந்துவிடும்.

பெரும்பாலானவர்கள் எழுதும் தவறான விடை: “வரி 10, ஆகவே விலை 40.” தப்பு என்று அடித்துவிட்டுப் போனால் பயனில்லை. 40இல் நிறுத்தி அளவைக் கேட்க வேண்டும். 40க்கு வாங்க வருவது 40 அலகு. விற்பவர் கையில் 30 நிற்பதால் அவர் கொண்டுவருவது 60. 20 அலகு தேங்குகிறது, விலை இறங்கியே ஆக வேண்டும். இதை மாணவரே போட்டுப் பார்த்தால் மறுபடி 40 என்று எழுத மாட்டார்.

இன்னொரு தவறு வாக்கியமாக வரும்: “விலை ஏறியது, அதனால் தேவை குறைந்தது, அதனால் விலை இறங்கியது.” வட்டமடிக்கும் இந்த விடையை எழுதியவர், கோட்டின் மேல் நகர்வதையும் கோடே நகர்வதையும் பிரித்துப் பார்க்கவில்லை. மூன்றாம் வாரப் பயிற்சித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் முதல் வரியாக “எந்தக் கோடு நகர்கிறது, ஏன்?” என்று எழுதச் சொல்லி, அந்த வரிக்குத் தனி மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

ஜூன் 14

வாசிப்புப் பட்டியல். அடிப்படை நூலாக ஓப்பன்ஸ்டாக்ஸின் ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் எகனாமிக்ஸ்’, மூன்றாம் பதிப்பு. இலவசம் என்பதால் புத்தகம் கிடைக்கவில்லை என்ற சாக்குக்கு இடமில்லை. ஆனால் சிலபஸில் அத்தியாய எண் மட்டும் போட்டால் குழப்பம் வரும். விலை உச்சவரம்பு அங்கே மூன்றாம் அத்தியாயத்திலேயே வருகிறது, வரிச்சுமை ஐந்தில். இங்கே இரண்டும் ஒரே வாரம். ஆகவே பிரிவு எண் வேண்டும்: மூன்றாம் வாரம் 3.1–3.3, நான்காம் வாரம் 5.1–5.2, ஐந்தாம் வாரம் 3.4, 3.5, 5.3.

பாடநூலுக்கு வெளியே ஒன்றே ஒன்று: ஆர். ஏ. ராட்ஃபோர்ட் 1945இல் ‘எகனாமிகா’ இதழில் எழுதிய போர்க்கைதி முகாம் கட்டுரை. அங்கே சிகரெட்தான் பணம். மூன்றாம் வாரம் விலை உருவாவதற்காக ஒரு தடவை, 12ஆம் வாரம் பணத்துக்காக இன்னொரு தடவை படிக்க வைக்கலாம். சிகரெட் வரத்து கூடினால் எல்லா விலையும் ஏறுவதும், நல்ல சிகரெட்டைப் புகைத்துவிட்டு மட்டமானதைச் செலவழிப்பதும் இரண்டாம் வாசிப்பில்தான் கண்ணில் படும்.

ஜூன் 17

வெயிட்டேஜ். முதல் வரைவு: பயிற்சித்தாள் 30, குவிஸ் 10, மிட்டெர்ம் 20, இறுதித் தேர்வு 40. பார்க்க நியாயமாக இருக்கிறது. கணக்குப் போட்டால் இல்லை.

வீட்டிலிருந்து செய்து வரும் தாளில் எல்லோரும் 85க்கும் 95க்கும் நடுவே வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் வித்தியாசம் 10, அதில் 30 சதவீதம் 3. இறுதித் தேர்வில் 30 முதல் 90 வரை பரவினால் வித்தியாசம் 60, அதில் 40 சதவீதம் 24. காகிதத்தில் 30க்கு 40. தரவரிசையை நகர்த்துவதில் 3க்கு 24. எந்த மதிப்பெண் அதிகம் பரவுகிறதோ அதுவே முடிவு செய்யும்.

தேர்ச்சிப் பக்கம் நேரெதிர். தாளில் 90 வாங்கியவருக்கு 27 கையில் வந்துவிட்டது. தேர்ச்சிக்கு 40 என்றால் மிச்சம் 13தான். மீதி 70இல் அது சராசரி 19 சதவீதம்கூட இல்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதியே தேறிவிடலாம்.

மாற்றியது: பயிற்சித்தாள் 15, குவிஸ் 15, மிட்டெர்ம் 25, இறுதி 45. இப்போது அதே 90 கொடுப்பது 13.5. மீதி 85இல் 26.5 வேண்டும், சராசரி 31. குவிஸ் வகுப்பிலேயே 10 நிமிடம், 12இல் சிறந்த 10. ஒரு நாள் வராதவர் மருத்துவச் சான்றோடு அலைய வேண்டாம்.

ஜூன் 19

விதிமுறைகள். “எட்டுத் தாளில் மோசமான ஒன்றை நீக்கலாம்” என்று போட்டால் கடைசித் தாளை யாரும் தொட மாட்டார்கள். அதில் இருப்பதோ 13, 14ஆம் வாரப் பாடம். ஆகவே எட்டாம் தாள் நீக்கத்துக்கு உட்பட்டதல்ல என்று சேர்க்க வேண்டும்.

மிட்டெர்மில் சறுக்கியவருக்கு இறுதித் தேர்வில் ஈடுகட்ட வழி வேண்டும், ஆனால் முழுசாக அல்ல. மிட்டெர்ம் 40, இறுதி 70 வாங்கியவருக்கு இயல்பாக வருவது 10 + 31.5 = 41.5. முழு 25ஐயும் இறுதிக்கு மாற்றினால் 49. ஆனால் மிட்டெர்மே எழுதாதவருக்கும் அதே 49. பத்தை மட்டும் மாற்றி 15க்கு 55 ஆக்கினால் எழுதியவருக்கு 44.5, எழுதாதவருக்கு 38.5. சறுக்கியவருக்கு 3 கிடைக்கிறது, வராதவர் 6 இழக்கிறார்.

ஜூன் 21

தேதிகள் மட்டும் பாக்கி. ஐந்தாம் வார வரித் தாள் அந்த வாரம் வெள்ளிக்கிழமை வாங்கி, ஆறாம் வாரம் புதனுக்குள் திருத்தித் திருப்பித் தர வேண்டும். “விலை 40” என்று எழுதியவர் அதை மிட்டெர்முக்கு முன்னால் பார்க்காவிட்டால் அங்கேயும் 40தான் எழுதுவார். திருத்த ஆள் போதவில்லை என்றால் எட்டுத் தாளை ஆறாக்கலாம். இந்தத் தேதியை மட்டும் தள்ளக் கூடாது.