40 அல்ல, 44: ஒரு சதுரத்துக்குள் முக்கோணிகளை எண்ணிப் பார்த்த அனுபவம்

வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குச் செல்லும் ஞாயிற்றுக்கிழமைகளில், போட்டிப் பரீட்சைக்குத் தயாராகும் மருமகனோடு அமர்ந்து நுண்ணறிவு வினாத்தாள்களின் உருவக் கணக்குகளைச் செய்து பார்ப்பது சில மாதங்களாக எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. அவற்றுள் என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு சதுரம். அதன் இரண்டு மூலைவிட்டங்களும், எதிர்ப்பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் இரண்டு நடுக்கோடுகளும், அடுத்தடுத்த நடுப்புள்ளிகளை இணைக்கும் சாய்ந்த சதுரமும் வரையப்பட்டிருந்தன. மொத்தம் எத்தனை முக்கோணிகள் என்பதே வினா. 32, 36, 40, 44 என்பன விடைத்தெரிவுகள்.

கண்ணால் மேய்ந்தபோது எனக்கு முதலில் 32 வந்தது, மறுமுறை 36 வந்தது. எண்ணியதையே மீண்டும் எண்ணினேனா, எதையாவது விட்டேனா என்று அறிய வழியில்லாததே இம்முறையின் குறை. ஆகவே கொப்பியில் உருவைப் பெரிதாக வரைந்து, நடுக்கோடுகள் பிரிக்கும் நான்கு சிறிய சதுரங்களிலும் உள்ள துண்டுகளுக்கு இலக்கமிட்டேன். ஒவ்வொரு சிறிய சதுரத்திலும் மேல், வலம், கீழ், இடம் என்ற ஒழுங்கில், மேல் இடப்பக்கத்தில் 1 முதல் 4, மேல் வலப்பக்கத்தில் 5 முதல் 8 என்று தொடங்கி, கீழ் வரிசையிலும் அவ்வாறே சென்று 16இல் முடித்தேன்.

இதன் பின்னர் துண்டுகளின் எண்ணிக்கையை வைத்து எண்ணினேன். தனித் துண்டுகள் 16. இரண்டு துண்டுகள் சேர்ந்தவை, ஒரு சிறிய சதுரத்துக்கு நான்காக, 16. இங்கே ஒரு கண்ணி உண்டு: 2உம் 8உம் நடுக்கோட்டின் இருபுறமும் ஒட்டிக்கொண்டிருந்தாலும், சேர்ந்தால் சாய்ந்த சதுரமே கிடைக்கும், முக்கோணி கிடைக்காது. அதனால் ஒட்டியிருக்கும் சோடிகளையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்க முடியாது. நான்கு துண்டுகளில், வெளிப்பக்கம் ஒன்றையும் மையத்தையும் கொண்டவை (1, 2, 5, 8 போன்றவை) 4. எட்டுத் துண்டுகளில், பெரிய சதுரத்தின் பாதிகள் 4. ஆக 40. தெரிவுகளிலும் 40 இருந்ததால் திருப்தியோடு பேனையை வைத்தேன்.

“மாமா, வேறு வழியில் எண்ணியும் 40 வந்தால்தானே சரி?” என்றான் மருமகன். கேள்வி நியாயமானது. ஒரே வழியில் இருமுறை எண்ணினால் விட்டதையே இருமுறையும் விடுவோம்.

உருவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று புலப்பட்டது. இதிலுள்ள கோடுகள் யாவும் கிடை, நிலை, இரண்டு சாய்வுகள் என்ற நான்கு திசைகளில் மட்டுமே செல்கின்றன. அடுத்தடுத்த திசைகளுக்கிடையே 45 பாகை. வெவ்வேறு திசையிலான எந்த மூன்று கோடுகள் முக்கோணி அமைத்தாலும், அது இருசமபக்கச் செங்கோண முக்கோணியாகவே இருக்கும். ஒரு முக்கோணிக்கு ஒரு செங்கோணம்தான் உண்டு. எனவே செங்கோணம் அமரும் புள்ளியை வைத்து எண்ணினால் எதுவும் இருமுறை வராது.

சிறிய சதுரங்களின் மையங்கள் நான்கிலும் நான்கு வீதம் 16. பெரிய சதுரத்தின் மூலை ஒவ்வொன்றிலும் சிறியது ஒன்று, பெரியது ஒன்று, ஆக 8. நடு மையத்தில் நேர்க்கோடுகளால் 4, மூலைவிட்டங்களால் 4, ஆக 8. வெளிப்பக்க நடுப்புள்ளி ஒவ்வொன்றிலும் நேர்க்கோடுகளால் 2, அத்துடன் சாய்ந்த சதுரத்தின் இரண்டு பக்கங்கள் அங்கேயே செங்கோணத்தில் சந்திப்பதால் இன்னும் 1, ஆக 12. கூட்டினால் 44.

நான்கு எங்கே தொலைந்தன என்று தேட நேரம் எடுக்கவில்லை, ஏனெனில் முதல் எண்ணிக்கையில் வெளிப்பக்க நடுப்புள்ளியை உச்சியாகக் கொண்ட பெரிய முக்கோணி ஒன்றுகூட இல்லை. மேல் நடுப்புள்ளியிலிருந்து இறங்கி, கிடை நடுக்கோட்டையே செம்பக்கமாகக் கொண்ட 2, 3, 7, 8 சேர்ந்த முக்கோணி அது. சாய்ந்த சதுரத்தின் பாதியான அதைக் கண் சதுரத்தின் பகுதியாகவே பார்த்துவிடுகிறது. நான்கு துண்டு முக்கோணிகள் 4 அல்ல, 8. வினா அமைத்தவர் 40ஐத் தெரிவுகளில் வைத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

செங்கோண முறை எல்லா உருவுக்கும் ஒத்துவராது. அடுத்த வாரம், பக்கத்துக்கு நான்கு கூறாகப் பிரித்த சமபக்க முக்கோணியில் செங்கோணமே இல்லாததால், நிமிர்ந்தவை, தலைகீழானவை என்று பிரித்தே எண்ணினோம். நிமிர்ந்தவை 10, 6, 3, 1 என 20, தலைகீழானவை 6உம், இரண்டு கூறு பக்கமுடைய ஒன்றும் சேர்ந்து 7, மொத்தம் 27. இம்முறை அந்தத் தலைகீழான ஒன்றை மருமகன் விட்டு 26 என்றான். நான் பேசாமல் பென்சிலை அவன் பக்கம் நகர்த்தினேன்.