குசிநகரில் அப்பாவின் வேண்டுதல்

குசிநகரில் பள்ளிகொண்ட புத்த பகவானுக்குச் சீவரம் என்ற துறவாடை சாத்த வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. அவர் இருக்கும்வரை கூடிவரவில்லை. இந்த மார்கழியில் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் நிறைவேற்றினேன்.

கோரக்பூரில் ரயிலிறங்கி பஸ் பிடித்தோம். எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். அம்மாவுக்குக் குளிரில் கால் மரத்துவிட்டது. கோயிலை நெருங்கியதும் வழிகாட்டிகள் மொய்த்தார்கள். "நான் சொல்ற இடத்துல கண்ணை மூடி உட்காருங்க, புத்தர் அடைஞ்ச நிர்வாண சுகம் உடனே கிடைக்கும்" என்று ஒருவர் பேரம் பேசினார். பகவான் கண்மூடிய ஊரிலேயே இப்படியா என்று மனம் வெந்துபோனது.

உள்ளே நெரிசல். இருபதடி நீளத் திருமேனி, வடக்கே தலைவைத்து, வலப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. சீவரத்துக்கு வெளியே முகமும் பாதங்களும்தான் தெரிகின்றன. அப்பாவின் சீவரத்தைச் சாத்தியதும் அம்மா அழுதுவிட்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "கொல்லன் சுந்தன் வீட்டுக் கடைசிச் சாப்பாட்டுக்கப்புறம் பகவானுக்கு ரத்தபேதி, அவ்வளவு வலி. நிர்வாணம் அடைஞ்சவருக்கு ஏம்ப்பா வலி?"

அந்தக் கேள்வியோடுதான் பாதத்தருகே நின்றேன். முப்பத்தைந்து வயதில் போதி மரத்தடியிலேயே அவருக்கு நிர்வாணம் கிட்டிவிட்டது. ஆசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று நெருப்பும் அன்றே அணைந்தன. உடம்பு மட்டும் மிச்சம். அதனால் பசியும் நோவும் இருந்தன. அவற்றோடு மல்லுக்கட்டும் மனம்தான் இல்லை. எண்பதாம் வயதில் இங்கே அந்த உடம்பும் விழுந்தது. அதைத்தான் பரிநிர்வாணம் என்கிறோம்.

வாசலில் விலைபேசிய சுகம் வேறு. தியானத்தில் ஊறும் ஆனந்தத்தை பகவான் ஒருநாளும் பழித்ததில்லை. ஆனால் அது வரும், போகும். கடைசி இரவில் அவரே தியான நிலைகளில் ஒவ்வொன்றாக ஏறி, இறங்கி, மறுபடி நான்காம் தியானம்வரை ஏறி, அதிலிருந்து எழுந்ததும் மறைந்தார் என்கிறது அவருடைய கடைசி நாட்களைச் சொல்லும் மகாபரிநிப்பாண சுத்தம் என்ற பாலி நூல். நான்காவதில் இன்பமும் இல்லை, துன்பமும் இல்லை. நிர்வாணமே சுகம் என்று பகவானின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் சொன்னபோது, உணர்ச்சியே இல்லாத இடத்தில் சுகம் எப்படி என்று உதாயி என்ற பிக்கு கேட்டார். உணர்ச்சி இல்லாததே அங்கே சுகம் என்றார் சாரிபுத்தர்.

பீடத்தில் தலையைக் கையில் தாங்கி ஓர் உருவம். ஆனந்தர் என்கிறார்கள். இருபத்தைந்து வருடம் கூடவே இருந்தவர், இன்னும் நெருப்பு முழுதும் அணையாதவர், கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைக் கூப்பிட்டு, நீ அன்பாகச் செய்த பணிவிடை வீண்போகாது, முயற்சி செய், சீக்கிரம் கரையேறுவாய் என்றார் பகவான். உயிர் பிரியும் வலியிலும் அழுபவனைத் தேற்றினாரே! சுந்தன்மேல் பழி விழக்கூடாது என்றும் சொல்லியனுப்பினாரே! அம்மாவின் கேள்விக்கு எனக்கு அதுவே போதும்.

அப்பா, உங்கள் சீவரம் சாத்தியாயிற்று. புத்தம் சரணம் கச்சாமி.